எட்டு சீலுக்கு ஓர் இலவசம்: கணக்கு எங்கே உதைக்கிறது?

கேள்வி: வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன பேக்கரி நடத்துகிறேன். கல்லாவில் நான், அடுப்பில் இருவர். 5 முறை வாங்கினால் 6-வது முறை இலவசம் என்று ஒரு கார்டு போடலாம் என்று தம்பி ஒரு மாதிரிக் கார்டே அடித்துக்கொண்டு வந்துவிட்டான். எப்படியும் வருகிறவர்களுக்கு எதற்கு இலவசம் என்கிறார் கணவர். இருவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. கார்டு போடலாமா? போட்டால், அது லாபமா நஷ்டமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

கார்டு போடுங்கள். ஆனால் தம்பி அடித்த மாதிரியை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணவர் கேட்டதுதான் இந்தக் கணக்கின் நடுநரம்பு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு சராசரி பில்லை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயம் என்பது முக்கியமில்லை. அதில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, பை எல்லாம் சேர்த்து 40 போகிறது என்றால் கையில் நிற்பது 60. வாடகையையும் சம்பளத்தையும் இதில் கழிக்காதீர்கள். ஒருவர் கூடுதலாக வந்தாலும் வராவிட்டாலும் அவை அப்படியேதான் இருக்கும். ஆக, கார்டு இழுத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு கூடுதல் வரவும் உங்களுக்கு 60 தருகிறது. வருமானப் பக்கம் இவ்வளவுதான்.

செலவுப் பக்கத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இலவசமாகக் கொடுப்பதற்கு உங்களுக்கு என்ன செலவு? "பொருள் விலைதானே, 40" என்று தம்பி சொல்வார். அது பாதி உண்மை. அன்றைக்கு அந்த வாடிக்கையாளர் எப்படியும் வந்து, காசு கொடுத்து அதையே வாங்கியிருப்பார் என்றால் நீங்கள் இழப்பது 40 அல்ல, முழு 100. வரவேண்டிய பணம் வராமல் போகிறது. அவர் வாங்கியிருக்கவே மாட்டார் என்றால் மட்டுமே செலவு 40. இரண்டு வகை ஆட்களும் பாதிப் பாதி என்று பிடித்தால் ஓர் இலவசத்துக்கு 70 ஆகிறது. கார்டு அச்சுக்கும் மைக்கும் 2 சேருங்கள். மொத்தம் 72.

இப்போது தம்பியின் கார்டைப் பாருங்கள். ஒரு வரவுக்கு ஒரு சீல், 5 சீலுக்கு 72 செலவு. ஒரு கூடுதல் வரவு 60 தருகிறது என்பதால், அந்த 5 வரவில் 1.2 வரவாவது கார்டு இல்லாவிட்டால் நடந்திருக்காத வரவாக இருக்க வேண்டும். 1.2 வரவு என்றால் மனதில் ஒன்றும் நிற்காது. 5 கார்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகும்: கார்டு இல்லாமல் 19 முறை வந்திருக்கக்கூடியவர் 25 முறை வந்தால்தான் போட்ட காசு திரும்பும். ஒரு ரொட்டிக் கடைக்கு இவ்வளவு ஏற்றம் சுலபமில்லை. வீட்டில் எத்தனை வாயோ அத்தனைக்குத்தானே ரொட்டி வாங்குவார்கள்? காபிக் கடையில் இன்னொரு கோப்பை குடிப்பார்கள். ரொட்டி ஒரு பொட்டலம் தீராமல் இன்னொன்று வாங்குகிறவர்கள் குறைவு.

நான் சொல்லும் கார்டில் மாற்றம் இரண்டே. சீல் 8. இலவசம் முழு பில் அல்ல, 60 விலையுள்ள ஒரே ஒரு குறிப்பிட்ட பண்டம். அதன் பொருள் செலவு 24. பாதிப் பேர் அதை எப்படியும் வாங்கியிருப்பார்கள் என்றால் செலவு 42, கார்டு அச்சோடு 44. இப்போது கார்டு இல்லாமல் 29 முறை வந்திருக்கக்கூடியவர் 32 முறை வந்தால் போதும். 19-க்கு 25 என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்தப் பண்டம் அவர்கள் வழக்கமாக வாங்காத ஒன்றாக இருக்கட்டும். தினமும் ரொட்டி வாங்குகிறவருக்கு ரொட்டியையே இலவசமாகக் கொடுத்தால் உங்கள் விற்பனையை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள். அவர் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு மட்டும் போகும் ஒரு கேக் துண்டைக் கொடுத்தால் உங்கள் செலவு ஏறக்குறைய 24-உடன் நிற்கும். அச்சோடு 26. அப்போது 53 வரவு 56 ஆனாலே கணக்கு நேராகிவிடும். பிடித்துப்போய் அடுத்த முறை காசு கொடுத்து வாங்கினால் அது தனி லாபம். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆசை காட்டும் வருமானம் எதையும் சேர்ப்பதில்லை. ஒன்று மட்டும் வேண்டாம்: மாலையில் மிஞ்சியதை இலவசமாகத் தள்ளிவிடுவது. எட்டு முறை வந்தவருக்குக் காய்ந்த துண்டு கொடுத்தால் அவர் ஒன்பதாவது முறை வரமாட்டார்.

கார்டின் வடிவத்தில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. செலவே இல்லாதது. 8 கட்டம் அச்சடிக்காமல் 10 கட்டம் அச்சடித்து, கொடுக்கும்போதே இரண்டு சீலை நீங்களே அடித்துக் கொடுங்கள். வாங்க வேண்டியது இரண்டிலும் 8 முறைதான். 2006-இல் நூனெஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் கடையில் 300 கார்டுகளைக் கொடுத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 8 கட்டம் காலியாக. மறுபாதிக்கு 10 கட்டம், இரண்டு ஏற்கெனவே நிரப்பியது. முதல் வகையில் 19 சதவீதம் பேர் கார்டை முடித்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். தொடங்கிய காரியத்தை முடிக்க மனசு இழுக்கிறது. வெறும் கார்டைப் பார்த்தால் இன்னும் தொடங்கவே இல்லை என்று தோன்றுகிறது.

அதே 2006-இல் கிவெட்ஸும் சகாக்களும் காபிக் கடைக் கார்டுகளைப் பார்த்தார்கள். கார்டு நிறைய நிறைய ஆட்கள் வேகமாக வருகிறார்கள், கடைசிக் கட்டங்களுக்கு இடையிலான நாள்கள் முதல் கட்டங்களைவிடக் குறைவு. 1930-களில் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துச் சொன்னதும் இதுதான்: இரை பக்கத்தில் வந்ததும் ஓட்டம் கூடுகிறது. ஆனால் கிவெட்ஸின் ஆய்விலேயே இன்னொன்றும் இருக்கிறது. பலரும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இலவசம் வாங்கியவர் அடுத்த கார்டைத் தொடங்கும்போது மறுபடி மெதுவாகிவிடுகிறார். அதனால் "கடைசி நாலு சீல் பத்தே நாளில் விழுந்தது, கார்டு வேலை செய்கிறது" என்று குதிக்கக் கூடாது. இலவசம் வாங்கிய பிறகு வரும் மந்தத்தையும் சேர்த்து முழுச் சுற்றையும் பார்க்க வேண்டும்.

கட்டங்களில் வெறும் சீல் அடிக்காமல் தேதியைப் பேனாவால் எழுதி, பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பத்தைப் போடுங்கள். சீல் செய்துகொள்ள யாராலும் முடியும். போலிக் கார்டில் உங்கள் கையெழுத்தும், நீங்கள் கல்லாவில் இருந்த நாளும் பொருந்துவது கடினம். ஒரு நாளைக்கு ஒரு சீல்தான் என்றும் கார்டிலேயே அச்சிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பையை இரண்டு பில்லாகப் போடச் சொல்லிக் கேட்பார்கள், வரிசையில் பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பார். ஒவ்வொரு கார்டுக்கும் வரிசை எண் வேண்டும். முடிந்த கார்டை வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். ஒரு கடையில் முடிந்த கார்டுகளை எல்லாம் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கார்டு லாபமா என்று என்னைக் கேட்டபோது கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர்களிடம் நான் வாங்கிய கட்டணம் முழுக்க ஊகத்துக்குத்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

"கார்டு வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் வாங்குகிறார்கள்" என்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். அடிக்கடி வருபவர்தானே கார்டை ஆசையாக வாங்கிக்கொள்வார்? அவர் கார்டுக்கு முன்பும் அதிகம்தான் வாங்கினார். "போன மாதத்தைவிட இந்த மாதம் விற்பனை கூடியிருக்கிறது" என்பதும் சான்றல்ல. பள்ளி திறந்திருக்கலாம், மழை விட்டிருக்கலாம், அடுத்த தெருக் கடை மூடியிருக்கலாம். கார்டு இருந்தவர்கள், இல்லாமல் இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதுதான் வேண்டும். அதைப் பார்க்க ஒரே வழி, அவர்களைப் போன்ற இன்னொரு கூட்டத்தைக் கார்டு இல்லாமல் கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்பது.

உங்கள் கடை சின்னது என்பது இங்கே வசதி. வாரம் ஒரு முறை போல வரும் 80 பேரை உங்களுக்கு முகம் தெரியும். ஒரு நோட்டில் அவர்களை உங்களுக்குப் புரியும் பெயரில் எழுதுங்கள். "சிவப்பு ஸ்கூட்டர்", "இரட்டைப் பிள்ளைகள்" என்று இருந்தால்கூடப் போதும். 4 வாரம் யாரிடமும் சொல்லாமல், யார் வந்தாலும் தேதியையும் பில் தொகையையும் குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு பட்டியலில் ஒன்று விட்டு ஒருவராகப் பிரித்து 40 பேருக்குக் கார்டு, 40 பேருக்கு இல்லை. உங்களுக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுத்தால் சோதனை அதோடு முடிந்தது, வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும். பிறகு 8 வாரம் அதே நோட்டு.

இல்லாதவர் ஒருவர் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்பார். கொடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் நோட்டில் அவரைக் கார்டு இல்லாத பக்கத்திலேயே வையுங்கள். கேட்டு வாங்கியவர் ஆர்வமுள்ளவர். அவரைப் பக்கம் மாற்றினால் கார்டுப் பக்கம் தானாகவே நன்றாகத் தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் 4 வாரத்தில் இரண்டு பக்கமும் தலா 160 வரவு என்று வையுங்கள். ஆக, 8 வாரத்துக்கு 320 எதிர்பார்க்கலாம். கார்டுப் பக்கம் 366 வந்திருக்கிறது. 46 கூடுதல்! தம்பி உடனே அடுத்த 1,000 கார்டுக்கு ஆர்டர் கொடுக்கப் பார்ப்பார். மறுபக்கத்தைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். கார்டே இல்லாத 40 பேரும் 344 முறை வந்திருக்கிறார்கள். அந்த இரண்டு மாதம் எல்லோருக்குமே நல்ல காலம். கார்டு கொண்டுவந்தது 366-க்கும் 344-க்கும் உள்ள 22 வரவு மட்டுமே.

22 வரவு, தலா 60, மொத்தம் 1,320. அந்த எட்டு வாரத்தில் 30 கார்டு நிறைந்து இலவசம் கொடுத்திருந்தால், தலா 44 வீதம் செலவும் 1,320. சரிக்குச் சரி. ஆனால் இன்னும் வராத செலவு ஒன்று இருக்கிறது. 366 சீலில் 30 கார்டு தின்றது 240. மீதி 126 சீல் ஆட்களின் பர்ஸுக்குள் பாதிக் கார்டாகக் கிடக்கிறது. அது கிட்டத்தட்ட 16 கார்டுக்கான கடன். எல்லோரும் வந்து கேட்கமாட்டார்கள், சிலர் தொலைப்பார்கள், சிலர் வீடு மாறுவார்கள். இருந்தாலும் ஒரு பகுதி வரும். அதையும் சேர்த்தால் இந்தக் கார்டு கொஞ்சம் கையைக் கடிக்கிறது.

பில் தொகையையும் குறிக்கச் சொன்னது ஏன் என்று இப்போது சொல்கிறேன். முன்பு ஒரே நாளில் இரண்டு பொட்டலம் வாங்கியவர், சீலுக்காக இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வாங்குவார். வரவு கூடும், விற்பனை கூடாது. கார்டுப் பக்கத்துச் சராசரி பில் 100-இலிருந்து 97-க்கு இறங்கினால்கூட 366 வரவில் 1,098 விற்பனை குறைகிறது. அதில் உங்கள் கையில் நின்றிருக்கக்கூடியது ஏறத்தாழ 660. அதாவது, மேலே வந்த 1,320-இல் பாதி காலி. வரவை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பில் பிளப்பது கண்ணில் பட்டால் சீலுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று வையுங்கள், வழக்கமான பில்லை ஒட்டி. அதிகமாக வைத்தால் பென்ஷன்காரரும் தனியாக இருப்பவரும் கார்டைக் கீழே போட்டுவிடுவார்கள்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். அந்த 22-ஐக்கூட முழுசாக நம்ப முடியாது. கார்டே இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் அச்சாக ஒரே எண் வராது. ஒருவர் ஊருக்குப் போயிருப்பார், ஒருவருக்குக் காய்ச்சல். இந்த ஆட்டம் எவ்வளவு என்று அறிய ஒரு தோராயமான வழி: இரண்டு பக்க வரவையும் கூட்டுங்கள், 710. அதன் வர்க்கமூலம் 27-க்குச் சற்றுக் குறைவு. அதை இரட்டித்தால் 53. வித்தியாசம் 53-ஐத் தாண்டினால்தான் அது கார்டின் வேலை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். 22 அதற்குள் அடங்கிவிடுகிறது. நிஜத்தில் பூஜ்யமாகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம்.

அப்படியானால் நோட்டு எழுதியது வீணா? இல்லை. தம்பியின் 5 சீல் கார்டைப் போட்டிருந்தால், கணக்கு நேராவதற்கே மறுபக்கத்தின் 344-க்கு எதிராக ஏறக்குறைய 450 வரவு வேண்டும். அவ்வளவு பெரிய ஏற்றம் வந்ததா இல்லையா என்பதை இந்த நோட்டு சந்தேகமில்லாமல் சொல்லிவிடும். 29-க்கு 32 என்ற சின்ன ஏற்றத்தைத்தான் 80 பேரை வைத்துப் பிடிக்க முடியாது. ஆகவே சின்னக் கடைக்கு என் யோசனை வேறு மாதிரி. லாபத்தை நிரூபிக்க முடியாத இடத்தில் நஷ்டத்துக்கு வரம்பு கட்டுங்கள். மேலே சொன்ன கேக் துண்டுக் கார்டில் 30 இலவசத்துக்கு, தலா 26 வீதம், செலவு 780. ஒருவர்கூடக் கூடுதலாக வரவில்லை என்றாலும் இரண்டு மாதத்தில் போகக்கூடியது 13 வரவின் லாபம். அது தாங்கக்கூடியது என்றால் நடத்துங்கள். தாங்காது என்றால் எந்தக் கார்டும் வேண்டாம், அந்தப் பணத்துக்குக் கூடுதலாக அரை மணி நேரம் கடையைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

தினமும் வருகிறவர்களைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவார், நியாயம்தான். ஒரு நாளும் தவறாமல் வருபவர் எட்டு நாளில் கார்டை முடிப்பார். அவருக்கு இதற்கு மேல் வர நாளே இல்லை. அவரிடமிருந்து கார்டுக்குக் கூடுதலாக எதுவும் வராது, செலவு மட்டும் வரும். கன்வீனியன்ஸ் கடைகளின் வாடிக்கைத் திட்டத்தை ஆராய்ந்து 2007-இல் லியூ என்பவர் எழுதியதும் இதே போலத்தான்: ஏற்கெனவே நிறைய வாங்கியவர்கள் தங்கள் அளவை மாற்றவில்லை, குறைவாகவும் நடுத்தரமாகவும் வாங்கியவர்களே கூட்டினார்கள். அதற்காகத் தினமும் வருபவருக்குக் கார்டு இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த அவமானத்தில் அவர் போய்விட்டால் இழப்பு பன்மடங்கு. கேட்டால் கொடுங்கள், நீங்களாக நீட்டாதீர்கள். மாதம் இருமுறை எட்டிப் பார்ப்பவர், புதிதாகக் குடிவந்தவர், இவர்களிடம் நீங்களாக நீட்டுங்கள், இரண்டு சீலோடு. தினமும் வருபவருக்கு அவ்வப்போது, கார்டு எதுவும் இல்லாமல், பையில் ஒரு பிஸ்கட்டைச் சேர்த்துப் போடுங்கள். அதற்கு ஆகும் செலவு குறைவு, அவருக்கு அது கார்டைவிட இனிக்கும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கார்டின் அடியில் ஒரு முடிவுத் தேதி போட மறக்காதீர்கள், கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் போல. ஏமாற்றுவதற்கு இல்லை. பர்ஸுக்குள் கிடக்கும் அந்தப் பாதிக் கார்டுகள் உங்கள் கடன். அது எந்த நாளில் தீரும் என்று தெரியாமல் ஒரு திட்டத்தை நிறுத்தவும் முடியாது, மாற்றவும் முடியாது. நிறுத்தத் தீர்மானித்தால் புதுக் கார்டு கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். கையில் இருப்பவை தேதி வரை செல்லும் என்று கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டுங்கள். தேதி தாண்டி ஒரு வாரம் கழித்து ஒருவர் எட்டு சீலோடு வந்து நின்றால், பேசாமல் கேக்கைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு 24-தான் செலவு.

முதல் அச்சு 200 கார்டு போதும். 1,000 அடித்தால் கார்டு ஒன்றின் விலை மலிவு என்று அச்சகத்தில் சொல்வார்கள்.